கேள்விக்கு முன்னாடி கட்டம் போடுங்க!

நம்ம வினாத்தாளின் வலது ஓரத்தைக் கவனிச்சிருக்கீங்களா? மார்க் போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு குட்டிக் காலம் இருக்கும். ஒண்ணுல சி.ஓ.1, சி.ஓ.2ன்னு இருக்கும். இன்னொண்ணுல கே1, கே2, கே3ன்னு இருக்கும். எக்ஸாம் ஹாலில் அதையெல்லாம் பார்க்க யாருக்கு நேரம்? "எதைத் தொட்டா 13 மார்க் சீக்கிரம் முடியும்"னு தேடுற அவசரத்துல அந்த ரெண்டு காலமும் நம் கண்ணிலேயே படுவதில்லை.

ஆனா அந்தக் காலங்களில்தான் ஒரு பெரிய வாக்குறுதி இருக்கு. சி.ஓ. என்பது இந்தப் பாடத்தை முடித்த மாணவரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதன் எண். கே என்பது அந்தக் கேள்வி எந்த அளவு சிந்தனையைக் கேட்கிறது என்பதன் எண். கே1 நினைவுகூர்தல், கே2 புரிந்துகொள்ளுதல், கே3 பயன்படுத்துதல், கே4 பகுத்தாய்தல், கே5 மதிப்பிடுதல், கே6 உருவாக்குதல். 1956இல் பெஞ்சமின் ப்ளூமும் அவரோடு இருந்தவர்களும் வெளியிட்ட வகைப்பாட்டை, 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தி அமைத்தார்கள். நம் வினாத்தாளில் இருப்பது அந்தத் திருத்திய ஆறு படிகள்தான்.

என் கருத்து ஒண்ணே ஒண்ணுதான். பல கல்லூரிகளில் இந்த எண்கள் கேள்வி எழுதி முடித்த பிறகு நிரப்பப்படுகின்றன. பழைய தாள்களிலிருந்தும் கொஸ்டின் பேங்க்கிலிருந்தும் கேள்விகளை எடுத்து, டெம்ப்ளேட்டில் அடித்து, கடைசியில் "இது கே2, இது கே3"ன்னு போட்டு அனுப்பிடுறாங்க. இது தலைகீழ். முதலில் கட்டம், அப்புறம்தான் கேள்வி. எந்த யூனிட்டில், எந்தப் படியில், எத்தனை மார்க் என்பதைத் தாளில் ஒரு கேள்விகூட இல்லாதபோதே முடிவு செய்ய வேண்டும். அந்த அட்டவணைக்குப் பெயர்தான் ப்ளூபிரிண்ட். பாடப்பொருள் ஒரு பக்கம், மாணவர் செய்ய வேண்டியது இன்னொரு பக்கம் என்று இரு பரிமாண அட்டவணை போடும் யோசனை ரொம்பப் பழசு. ரால்ஃப் டைலர் 1949இல் வெளியிட்ட பாடத்திட்டம் பற்றிய புத்தகத்திலேயே அது இருக்கு.

கடைசியில் போட்டால் என்ன குறைஞ்சிடும், எண் ஒண்ணுதானேன்னு கேட்கலாம். ரெண்டு விஷயம் கெட்டுப்போகுது.

முதலாவது, வினைச்சொல்லைப் பார்த்து லேபிள் ஒட்டும் பழக்கம். கேள்வியில் "விளக்குக" இருந்தால் கே2, "வரைக, கணக்கிடுக" இருந்தால் கே3, "பகுத்தாய்க" இருந்தால் கே4 என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. கே4 போதவில்லை என்றால், "ஸ்டாக் செயல்படும் விதத்தை விளக்குக" என்பதை "ஸ்டாக் செயல்படும் விதத்தைப் பகுத்தாய்க" என்று மாற்றினால் போதும், கணக்கு சரியாகிடும். ஆனா ரெண்டுக்கும் நாம எழுதப்போற பதில் அதே புஷ், அதே பாப், அதே படம்தான். படியைத் தீர்மானிப்பது கேள்வியில் இருக்கும் சொல் இல்லை. பதில் எழுதுபவர் அதை முன்னாடி எந்த அளவு பார்த்திருக்கிறார் என்பதுதான். வகுப்பில் போர்டில் போட்ட அதே எண்களை வைத்து ஒரு கணக்கு வந்தால், அது எவ்வளவு பெரிய கணக்காக இருந்தாலும் நினைவுகூர்தல்தான்.

இரண்டாவது, சாய்ஸ். இதை யாரும் கூட்டிப் பார்ப்பதே இல்லை. நமக்குப் பழக்கமான அமைப்பு இது: பார்ட் ஏ-வில் பத்து ரெண்டு மார்க், 20. பார்ட் பி-யில் ஐந்து பதிமூன்று மார்க், 65. பார்ட் சி-யில் ஒரு பதினைந்து மார்க். மொத்தம் 100. ஆனா பார்ட் பி, பார்ட் சி ரெண்டிலும் ஒவ்வொரு கேள்விக்கும் (அ) அல்லது (ஆ) உண்டு. அதனால் தாளில் அச்சாகியிருப்பது 20 + 130 + 30, அதாவது 180 மார்க்குக்கான கேள்விகள். நாம் எழுதுவது அதில் 100 மட்டும்.

இப்போ ஒரு தாளைக் கற்பனை பண்ணுங்க. பார்ட் ஏ முழுக்க கே1, கே2. பார்ட் பி-யில் எல்லா (அ)-வும் கே2, எல்லா (ஆ)-வும் கே3. பார்ட் சி-யில் ரெண்டும் கே4. அலுவலகக் கணக்கில் 180 மார்க்கும் கூட்டப்படும். கே1, கே2 சேர்ந்து 85, அதாவது 47 சதவீதம். கே3க்கு 65, அது 36 சதவீதம். கே4க்கு 30, அது 17 சதவீதம். பார்க்க எவ்வளவு அழகான சமநிலை! ஃபைலில் வைக்கலாம், கமிட்டி வந்தால் காட்டலாம்.

ஆனா ஹாலில் நடப்பது வேற. ஒருத்தர் எல்லா (அ)-வையும் எழுதுறார். அவருக்கு கே1, கே2இல் 85 மார்க், கே4இல் 15, கே3இல் சுத்தமா பூஜ்யம். பக்கத்து பெஞ்சில் இன்னொருத்தர் எல்லா (ஆ)-வையும் எழுதுறார். அவருக்கு கே1, கே2இல் வெறும் 20, கே3இல் 65. ரெண்டு பேருக்கும் ஒரே பாடம், ஒரே தேதி, ஒரே மார்க் ஷீட். ஆனா ரெண்டு பேரும் எழுதியது ரெண்டு வெவ்வேறு தேர்வு. முதல் ஆள் ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்காமலேயே 85 வரை போகலாம். "அவன் 85, நான் 70, அப்போ அவனுக்கு என்னைவிட நல்லா தெரியும்"னு சொல்ல முடியுமா? அந்த மார்க்கை வைத்து எதையுமே சொல்ல முடியாது. இந்த ஓட்டையைக் கடைசியில் லேபிள் ஒட்டி அடைக்க வழியே இல்லை. கேள்வி எழுதுவதற்கு முன்னாடியே (அ)-வும் (ஆ)-வும் ஒரே கட்டத்திலிருந்து வரணும்னு விதி போட்டால்தான் அடைக்க முடியும்.

சரி, கட்டத்தை எப்படிப் போடுவது? நம்மில் பலருக்கும் தெரிந்த டேட்டா ஸ்ட்ரக்சர்ஸையே எடுத்துக்கொள்வோம். ஐந்து யூனிட்: லிஸ்ட், ஸ்டாக்கும் க்யூவும், ட்ரீ, கிராஃப், கடைசியாக சார்டிங்கும் ஹாஷிங்கும். மொத்தம் 45 வகுப்பு. வகுப்பில் உண்மையாக நடந்தது 7, 8, 12, 10, 8 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, யூனிட்டுக்கு எத்தனை மார்க் என்று முடிவு செய்வது. வகுப்பு நேரத்தை வைத்துப் பார்த்தால் ட்ரீக்கு 45இல் 12, அதாவது ஏறக்குறைய 27 சதவீதம் வரணும். கிராஃபுக்கு 22. லிஸ்டுக்கு 16. மற்ற ரெண்டுக்கும் 18, 18. வினாத்தாள் அமைப்பு ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரெண்டு டூ மார்க்கும் ஒரு பதிமூன்று மார்க்கும் கொடுக்கிறது, ஆக 17. அது மாறாது. நம் கையில் இருக்கும் ஒரே நெகிழ்வு பார்ட் சி-யின் 15 மார்க்தான். அதை ட்ரீக்கு 8, கிராஃபுக்கு 7 என்று பிரித்தால் 17, 17, 25, 24, 17 என்று வருகிறது. வகுப்பு நேரத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. பார்ட் சி எந்த யூனிட்டிலிருந்து வரணும் என்பது தாள் எழுதுபவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது இல்லை, இப்படிக் கணக்குப் போட்டு வர வேண்டியது என்பதைக் கவனிங்க.

இரண்டாவது வேலை, படிக்கு எத்தனை மார்க் என்பது. இதைச் சொல்ல வேண்டியது சிலபஸின் ஆரம்பத்தில் இருக்கும் கோர்ஸ் அவுட்கம் வரிகள். "கொடுத்த பிரச்சினைக்குத் தகுந்த டேட்டா ஸ்ட்ரக்சரைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துவார்" என்று அங்கே எழுதியிருந்தால், தாளில் பெரும்பங்கு பயன்படுத்துதலுக்குப் போகணும். நான் நினைவுக்கு 10, புரிதலுக்கு 30, பயன்படுத்தலுக்கு 40, பகுத்தாய்தலுக்கு 20 என்று வைக்கிறேன். உருவாக்குதலை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மூணு மணி நேர எழுத்துத் தேர்வில் ஒண்ணை உருவாக்கவும் முடியாது, அதைச் சோதிக்கவும் முடியாது. அதுக்கு லேபும் மினி புராஜெக்டும் இருக்கு. எழுத்துத் தாளில் கே6ன்னு போட்டிருந்தால் கொஞ்சம் சந்தேகமாகவே பாருங்க.

மூணாவது வேலை, கட்டங்களை நிரப்புவது. வினாத்தாள் அமைப்புக்குள்ளேயே அடங்கணும். ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு டூ மார்க் நினைவு, இன்னொண்ணு புரிதல். பதிமூன்று மார்க்கை 5 + 8 என்று பிரித்து, 5ஐப் புரிதலுக்கும் 8ஐப் பயன்படுத்தலுக்கும் கொடுக்கிறோம். கடைசி யூனிட்டில் மட்டும் அந்த 5ஐப் பகுத்தாய்தலுக்குக் கொடுக்கிறோம். பார்ட் சி முழுக்கப் பகுத்தாய்தல்.

| யூனிட் | நினைவு | புரிதல் | பயன்படுத்தல் | பகுத்தாய்தல் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| லிஸ்ட் | 2 | 7 | 8 | 0 | 17 |
| ஸ்டாக், க்யூ | 2 | 7 | 8 | 0 | 17 |
| ட்ரீ | 2 | 7 | 8 | 8 | 25 |
| கிராஃப் | 2 | 7 | 8 | 7 | 24 |
| சார்டிங், ஹாஷிங் | 2 | 2 | 8 | 5 | 17 |
| மொத்தம் | 10 | 30 | 40 | 20 | 100 |

அவ்வளவுதான் ப்ளூபிரிண்ட். இப்பவும் ஒரு கேள்விகூட எழுதலை. இனிமேல் தாள் எழுதுபவர் "எந்தக் கேள்வி போடலாம்"னு யோசிக்க மாட்டார். "ட்ரீ யூனிட்டில், பயன்படுத்தல் படியில், 8 மார்க்குக்கு ஒரு கேள்வி வேணும்"னு யோசிப்பார். இந்த ஒரு மாற்றத்தில்தான் எல்லாமே இருக்கு.

ஒரே தலைப்பில் படி எப்படி மாறும்னு ஏ.வி.எல். ட்ரீயை வைத்துப் பார்க்கலாம். "பேலன்ஸ் ஃபேக்டர் என்றால் என்ன?" இது நினைவு, 2 மார்க். "ஏறுவரிசையில் எண்களைப் போட்டால் சாதாரண பைனரி சர்ச் ட்ரீயில் தேடுதல் ஏன் மெதுவாகிறது, ஏ.வி.எல்.லில் ஏன் ஆவதில்லை?" இது புரிதல், 5 மார்க். "10, 20, 30, 40, 50, 25 ஆகியவற்றை இதே வரிசையில் ஏ.வி.எல். ட்ரீயில் சேர்த்து, ஒவ்வொரு சுழற்சிக்குப் பின்னும் ட்ரீயை வரைக" என்பது, இந்த எண்கள் வகுப்பில் வராதவரை, பயன்படுத்தல். 8 மார்க்குக்குச் சரியான வேலை இருக்கு: 30 வரும்போது ஒரு சுழற்சி, 50 வரும்போது இன்னொண்ணு, 25 வரும்போது இரட்டைச் சுழற்சி. கடைசியில் 30 வேராக நிற்கும்.

இப்போ அடுத்த படி. "அதே ஆறு எண்கள், அதே இறுதி ட்ரீ வர வேண்டும். ஆனால் ஒரு சுழற்சிகூட நடக்கக் கூடாது. அப்படி ஒரு சேர்க்கும் வரிசையைச் சொல்லி, ஏன் சுழற்சி தேவைப்படவில்லை என்று காட்டுக." இதுக்கு எந்த நோட்ஸிலும் நேரடிப் பதில் இல்லை. இறுதி ட்ரீயை மேலிருந்து வரிசை வரிசையாகப் படித்தால் 30, 20, 40, 10, 25, 50 என்று வரும். அந்த வரிசையில் போட்டால் எந்த இடத்திலும் சமநிலை குலையாது. இதைக் கண்டுபிடிக்கச் சுழற்சி ஏன் வருகிறது என்பதே புரிந்திருக்கணும். கேள்வி நீளம் இல்லை, பயமுறுத்தும் சொல்லும் இல்லை. ஆனாலும் இது உண்மையான பகுத்தாய்தல். "பகுத்தாய்க" என்ற சொல் கேள்வியில் இல்லவே இல்லை, பாருங்க.

சாய்ஸுக்கு வருவோம். ஸ்டாக், க்யூ யூனிட்டுக்கு 5 + 8 என்று கட்டம் இருக்கு. (அ)-வில் ரெகர்ஷனுக்கு ஸ்டாக் ஏன் தேவைப்படுகிறது என்று 5 மார்க்கும், ஒரு இன்ஃபிக்ஸ் கோவையை ஸ்டாக்கின் நிலையைக் காட்டியபடியே போஸ்ட்ஃபிக்ஸாக மாற்ற 8 மார்க்கும் கேட்கலாம். (ஆ)-வில் சாதாரண க்யூவில் இடம் ஏன் வீணாகிறது என்று 5 மார்க்கும், ஐந்து இடமுள்ள சர்குலர் க்யூவில் கொடுத்த செயல்களுக்கு ஃப்ரன்ட், ரியர் எங்கே நகர்கிறது என்று 8 மார்க்கும் கேட்கலாம். எதை எடுத்தாலும் 5 புரிதல், 8 பயன்படுத்தல். தலைப்பில் சாய்ஸ் உண்டு, உழைப்பில் சாய்ஸ் இல்லை. இப்படிப் போட்ட தாளில் மாணவர் எந்தப் பக்கம் போனாலும் மேலே இருக்கும் அட்டவணை அப்படியே நிற்கும்.

பார்ட் சி-க்கும் ஒரு மாதிரி காட்டுறேன். "1,000 ஊர்கள், அவற்றுக்கிடையே 4,000 ஒருவழி இணைப்புகள். ஒரு ஊரிலிருந்து மற்ற எல்லா ஊருக்கும் குறுகிய வழி கண்டுபிடிக்க டைக்ஸ்ட்ரா முறை. அடுத்த ஊரைத் தேர்ந்தெடுக்கச் சாதாரண அரே போதுமா, ஹீப் வேணுமா? இணைப்புகள் 5,00,000 ஆனால் உங்கள் முடிவு மாறுமா?" ஹீப் ட்ரீ யூனிட், டைக்ஸ்ட்ரா கிராஃப் யூனிட். அரே வைத்தால் வேலை ஏறக்குறைய V², அதாவது 10 லட்சம். ஹீப் வைத்தால் (V+E) log V. முதல் நிலையில் அது 5,000ஐ 10ஆல் பெருக்கியது, வெறும் 50,000. ஹீப் ஜெயிக்குது. இணைப்பு 5,00,000 ஆனதும் அது 50 லட்சத்தைத் தாண்டுது, அரே அதே 10 லட்சத்தில் நிற்குது. முடிவு தலைகீழாகுது. அல்காரிதத்தை வரி விடாமல் மனப்பாடம் பண்ணவர் இங்கே தடுமாறலாம். எதுக்காக அதைப் படிச்சோம்னு யோசிச்சவர் எழுதிடுவார்.

இதுவரைக்கும் படிச்சுட்டு "கட்டம் போட்டா தாள் நல்லா ஆகிடுமா?"ன்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்லணும். கட்டம் சரியாக இருந்தும் கேள்வி கெட்டுப்போகலாம். அதனால் தாள் அச்சுக்குப் போகும் முன் மூணு சோதனை வேணும். ஒண்ணு, கட்டத்தைப் பார்க்காத இன்னொரு ஆசிரியர் அதே கேள்விகளுக்குத் தனியாகப் படி போடணும். ரெண்டு பேரும் வேறுபடும் இடத்தில்தான் பிரச்சினை இருக்கு. பெரும்பாலும் அது கே2க்கும் கே3க்கும் நடுவில் வரும், பேசித் தீர்க்கலாம். ரெண்டு, விடைக்குறிப்பு. பகுத்தாய்தல் கேள்விக்கான விடைக்குறிப்பு யூனிட் நோட்ஸின் ஒரு பத்தியாகவே இருந்தால், அந்த லேபிள் பொய். மூணு, நேரம். 100 மார்க்குக்கு 180 நிமிஷம். 13 மார்க்குக்கு 23 நிமிஷம்தான் வரும். கேள்வி எழுதிய ஆசிரியரே உட்கார்ந்து எழுதிப் பார்த்து 20 நிமிஷம் ஆச்சுன்னா, நமக்கு அது பத்தாது.

தேர்வுக்குப் பிறகும் கண்டுபிடிக்கலாம். கே4ன்னு போட்ட கேள்விக்கு அறுபது விடைத்தாளில் அதே வாக்கியம், அதே உதாரணம், அதே படம் வந்திருந்தால், அது கே1ஆகத்தான் வேலை செஞ்சிருக்கு. இன்னொரு சிக்கலும் இருக்கு. இந்த வருஷம் நல்ல பகுத்தாய்தல் கேள்வியாக இருந்தது அடுத்த வருஷம் விடையோடு கொஸ்டின் பேங்க்கில் ஏறிடும். ஏறிய நாளிலிருந்து அது நினைவுகூர்தல். அதனால் கட்டத்தை வருஷா வருஷம் அப்படியே வைத்துக்கொள்ளலாம், கேள்விகளை வைத்துக்கொள்ள முடியாது. மேலே சொன்ன ஏ.வி.எல்., டைக்ஸ்ட்ரா கேள்விகளுக்கும் இதே கதிதான். இந்தக் கட்டுரையைப் படிச்ச உங்களுக்கு அவை இனி கே4 இல்லை!

யுனிவர்சிட்டி தேர்வில் இது இன்னும் கஷ்டம். தாள் எழுதுபவருக்கு உங்க வகுப்பில் என்ன போர்டில் வந்ததுன்னு தெரியாது. அவரால் செய்ய முடிந்தது, எல்லோரும் வைத்திருக்கும் பாடப்புத்தகத்தின் எண்களை அப்படியே எடுக்காமல் இருப்பது மட்டும்தான். ஆனா இன்டர்னலிலும் மாடல் எக்ஸாமிலும் தாள் எழுதுவது நமக்குப் பாடம் எடுத்தவரே. என்ன சொல்லிக்கொடுத்தோம், என்ன சொல்லலைன்னு அவருக்கு நல்லாவே தெரியும். சரியான கட்டம் போட அவரைவிடத் தகுதியானவர் யாருமில்லை.

இப்போ எதிர்ப்புகள். உங்களுக்கு "ப்ளூபிரிண்ட்"ங்கிற சொல்லைக் கேட்டதும் பிளஸ் டூ ஞாபகம் வந்திருக்கும். அண்ணன், அக்கா காலத்துல எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க்னு ஒரு அட்டவணை எல்லார் கையிலும் இருக்கும். அதை வைத்து மூணு பாடத்தை அப்படியே விட்டுட்டு மத்ததைப் படிச்சவங்க உண்டு. அதனாலேயே பிறகு அது கைவிடப்பட்டது. "திரும்பவும் அதையா கேட்கிறீங்க?" என்பது நியாயமான கேள்வி.

ஆனா அந்த அட்டவணையில் என்ன இருந்ததுன்னு பாருங்க. பாடத்தின் பெயர், கேள்வி வகை, மார்க். பக்கவாட்டு வரிசை மட்டும் இருந்தது, படிகளுக்கான காலம் அதன் மையமாக இல்லை. பாடத்தை மட்டும் சொல்லி, அதில் சாய்ஸும் கொடுத்தால், எதை விடலாம்னு கணக்குப் போடுவது மனித இயல்பு. அதுவுமில்லாம, நம்ம இன்ஜினியரிங் தாளில் அந்தப் பக்கவாட்டு ரகசியம் ஏற்கெனவே ரகசியம் இல்லை. யூனிட்டுக்கு ஒரு 13 மார்க்னு முதல் செமஸ்டரிலேயே தெரிஞ்சிடுது. நமக்குத் தெரியாதது கீழே இருக்கும் மொத்தம், அதாவது 10, 30, 40, 20 மட்டும்தான்.

அதனால் என் யோசனை இது. யூனிட் மொத்தத்தையும் படி மொத்தத்தையும் செமஸ்டர் ஆரம்பத்திலேயே சொல்லிடுங்க. உள்ளே இருக்கும் கட்டங்களைச் சொல்ல வேண்டாம். எந்த யூனிட்டில் பகுத்தாய்தல் வரும்னு தெரியாதவரை எந்த யூனிட்டையும் மனப்பாடத்தோடு நிறுத்த முடியாது. ஆனா 60 மார்க் பயன்படுத்தலுக்கும் பகுத்தாய்தலுக்கும் போகுதுன்னு தெரிஞ்சவர், கடைசி வாரத்தில் "டூ மார்க்ஸ் வித் ஆன்சர்" பி.டி.எஃப். தேடுவதைக் குறைச்சுட்டு நாலு கணக்கைப் போட்டுப் பார்ப்பார். படிக்கும் முறையை மாற்றுவது அந்தக் கீழ் வரிசைதான். அதைப் போய் ஒளிச்சு வைக்கிறோம்.

அடுத்த எதிர்ப்பு, பாஸ் பர்சன்டேஜ். "இப்படித் தாள் போட்டா பசங்க ஃபெயில் ஆகிடுவாங்க" என்று ஆசிரியர்கள் பயப்படுறது புரியுது. அட்டவணையைத் திரும்பப் பாருங்க. நினைவும் புரிதலும் மட்டுமே 40 மார்க். வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறையைப் புது எண்களில் செய்வது இன்னொரு 40. வகுப்பைக் கவனிச்சு, நாலு கணக்கை எழுதிப் பார்த்தவருக்கு 80 மார்க் எட்டும் தூரத்தில் இருக்கு. திடீர்னு ஒரு தாள் மட்டும் இப்படி வந்தால் நிச்சயம் அடி விழும், அதை மறுக்கலை. அதனால்தான் முதல் இன்டர்னலிலிருந்தே இதே விகிதம் வேணும், முன்கூட்டியே சொல்லவும் வேணும்.

இன்னொண்ணு, வேலைப்பளு. ஒரு ஆசிரியர் ரெண்டு மூணு பாடம் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு செட் தாள் கொடுத்து, நடுவில் அட்மிஷன் வேலையும் பார்க்கிறார். அவரிடம் "இன்னொரு அட்டவணை போடுங்க"ன்னு சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா அவர் ஏற்கெனவே கே லெவல் நிரப்புறார், சதவீதம் கணக்குப் போடுறார், ஃபைல் பண்றார். அதே வேலையைத்தான் முன்னாடி பண்ணச் சொல்றோம். ஏ.ஐ.சி.டி.இ. 2018இல் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கையும் கேள்விகளைப் பாடத்தின் இலக்குகளோடும் ப்ளூமின் படிகளோடும் பொருத்தத்தான் சொல்லுது. பொருத்துவது என்றால் முன்கூட்டியே திட்டமிடுவது. எழுதிய பிறகு எண் போடுவது வெறும் பதிவுதான்.

நாம் என்ன செய்யலாம்? கிளாஸ் கமிட்டி கூட்டத்துல நம்ம ரெப் வழக்கமா பேசுறது என்ன? "போர்ஷன் முடியலை சார்", "டெஸ்ட்டைத் தள்ளி வைங்க மேடம்". மதிப்பீடு எப்படி நடக்குதுன்னு கேட்கவும் அதுதான் இடம். அடுத்த கூட்டத்துல மூணே மூணு கேள்வி கேட்கலாம். இந்தப் பாடத்துக்குப் படிவாரியாக மொத்த மார்க் எவ்வளவுன்னு முதல் இன்டர்னலுக்கு முன்னாடி சொல்ல முடியுமா? (அ)-வும் (ஆ)-வும் ஒரே படியில் இருக்குமா? போன இன்டர்னல் தாளின் சதவீதம் அச்சான 180க்குப் போட்டதா, நாம் எழுதிய 100க்குப் போட்டதா?

மூணாவது கேள்விக்கு மட்டும் பதில் கேட்டுட்டு வாங்க. உங்க டிபார்ட்மென்ட்டில் கட்டம் முதலில் வருதா, கேள்வி முதலில் வருதான்னு அதிலேயே தெரிஞ்சிடும்.